நடு மடிப்பில் காணாமல் போகும் சொற்கள்

வாலாஜாபாத்திலிருந்து பேசுறேன். போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட கேள்வி ஒண்ணு இருக்கு. "பழைய தமிழ்ப் புத்தகத்தை போன்ல போட்டோ எடுத்து ஓசிஆர் போட்டா, பக்கத்தோட நடுவுல எல்லாம் சரியா வருது, ஓரத்துல மட்டும் சொல் விட்டுப்போகுது, இல்லன்னா ரெண்டு சொல் ஒட்டிக்குது. ஏன்?" இன்னைக்கு அதை மட்டும்தான் பேசப் போறோம்.

முதல்ல ஒரு விஷயம். எல்லா ஓரமும் இப்படி ஆகாது. புத்தகத்தின் வெளி ஓரத்தில், அதாவது நாம் விரல் வைத்துப் புரட்டும் பக்கத்தில், பெரும்பாலும் எதுவும் ஆவதில்லை. பிரச்சினை எல்லாம் உள் ஓரத்தில்தான், தையல் போட்ட நடு மடிப்பில். அங்கே இரண்டு விஷயங்கள் ஒன்றாக நடக்கின்றன. ஒன்று, தாள் வளைந்து உள்ளே இறங்குகிறது. இரண்டு, அந்தப் பள்ளத்தில் வெளிச்சம் குறைந்து நிழல் விழுகிறது. இரண்டுமே சொற்களைக் கெடுக்கின்றன, ஆனால் வேறு வேறு விதமாக. எது எதைச் செய்கிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

கையில் இருக்கும் தொகுதி

ஒரு உண்மையான பக்கத்தை வைத்தே பார்ப்போம். இங்கே ஒரு நெசவாளர் குடும்பத்தில் பழைய அச்சுத் தொகுதி ஒன்று இருக்கிறது. கூட்டுறவுச் சங்கத்தின் துணை விதிகளும், பல வருட ஆண்டறிக்கைகளும் சேர்ந்தது. தனித்தனிச் சிறு புத்தகங்களாக வந்ததை யாரோ ஒன்றாகச் சேர்த்து, காலிகோ அட்டை போட்டு பைண்டிங் செய்திருக்கிறார்கள். கிரௌன் அளவு, கையால் எழுத்துக் கோத்து அடித்த அச்சு. அந்த வீட்டுப் பெரியவருக்கு அதில் இருக்கும் விதிகளைத் தேடிப் படிக்கும்படி ஒரு கோப்பாக வேண்டும். பசங்க ஏற்கெனவே போனில் எடுத்து வைத்திருந்த படங்களை என்னிடம் கொடுத்தார்கள். அவர் வைத்த ஒரே நிபந்தனை: "தம்பி, என்ன வேணா பண்ணுப்பா, தையலை மட்டும் பிரிச்சிடாத."

இந்தத் தையல்தான் கதையின் ஆரம்பமே. பல பழைய தமிழ் நூல்களில், அதிலும் பிற்பாடு பைண்டிங் செய்த நூல்களில், தையல் மடிப்பின் உள்ளே போவதில்லை. முதுகிலிருந்து கொஞ்சம் தள்ளி, பக்கவாட்டில் தாள் கட்டு முழுவதையும் குத்தித் தைத்திருப்பார்கள். உறுதியாக இருக்கும். ஆனால் புத்தகம் முழுசா விரியாது. தாள் தையலில் பிடிபட்டு நிற்கும், அங்கிருந்து மேலே எழும்பி வளைந்துதான் தட்டையாகும். நூலகங்களில் மறு பைண்டிங் செய்த புத்தகங்களிலும் இதே கதை. உள் ஓர வெற்றிடத்தைத் தையல் தின்றுவிடும், எழுத்து பள்ளத்துக்குள் போய்விடும். டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா திட்டத்தில் ஸ்கேன் ஆகி, இப்போது இன்டர்நெட் ஆர்கைவில் கிடைக்கும் தமிழ் நூல்களில் பலவற்றைத் திறந்து பாருங்க. நடுவில் ஒரு கறுப்புப் பட்டையும், அதை நோக்கிச் சரியும் வரிகளும் தெரியும்.

நம்ம தொகுதியில் 42ஆம் பக்கம், துணை விதிகள் பகுதி. ஓசிஆர் கொடுத்த வாக்கியம் இப்படி இருந்தது: "சங்கத்தின் உறுப்பினர் நெசவாளருக்குப் பட்டு நூல் கடனாக வழங்கப்படமாட்டாது." படிக்கும்போது எந்தத் தடங்கலும் இல்லை. எழுத்துப்பிழை இல்லை, இலக்கணப்பிழை இல்லை. ஆனால் அச்சில் இருப்பது, "சங்கத்தின் உறுப்பினர் அல்லாத நெசவாளருக்கு." வரியின் கடைசிச் சொல் "அல்லாத". அது மடிப்புக்குள் போய்விட்டது. விதி தலைகீழாகிவிட்டது. உறுப்பினருக்குக் கிடையாது என்று ஆகிவிட்டது.

இதுதான் இந்தப் பிழையின் ஆபத்து. எழுத்து மாறினால் கண்ணில் படும், "நெசவாளர்" என்பது "நெசவானர்" என்று வந்தால் யாருக்கும் உறுத்தும். சொல் விட்டுப்போனால் உறுத்துவதற்கு அங்கே எதுவுமே இல்லை. ஓசிஆர் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு நம்பிக்கை மதிப்பெண் கொடுக்கும், தெரியும் இல்லையா? அதுவும் உதவாது. அது பார்த்த சொல்லுக்குத்தான் மதிப்பெண். பார்க்காத சொல்லுக்கு மதிப்பெண்ணே கிடையாது.

நிழல் சொல்லை எப்படி விழுங்குகிறது

ஓசிஆர் மென்பொருள் எழுத்தைப் படிப்பதற்கு முன்னால், பக்கத்தில் எழுத்து எங்கே இருக்கிறது, வரி எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். டெசராக்ட் அந்த வேலையைப் படத்தின் கறுப்பு-வெள்ளை வடிவத்தில் செய்கிறது. ஒவ்வொரு புள்ளியையும் "இது மை" அல்லது "இது தாள்" என்று பிரிக்கிறது. வழக்கமாகப் பயன்படும் முறை ஓட்சு முறை, நோபுயுகி ஓட்சு 1979இல் வெளியிட்டது. முழுப் பக்கத்துக்கும் ஒரே ஒரு எல்லைக்கோடு. அதற்குக் கீழே இருந்தால் மை, மேலே இருந்தால் தாள்.

எண்ணோடு பார்க்கலாம். 0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை. நம்ம பக்கத்தின் தட்டையான இடத்தில் தாள் சுமார் 210, மை சுமார் 60. எல்லைக்கோடு நடுவில், ஒரு 130 பக்கம் விழுகிறது. இப்போ மடிப்புக்குப் போங்க. அங்கே தாளே 90தான், மை 30. மனிதக் கண்ணுக்கு 90க்கும் 30க்கும் வித்தியாசம் நன்றாகத் தெரியும், நாம் நிம்மதியாகப் படித்துவிடுவோம். ஆனால் எல்லைக்கோடு 130இல் இருக்கிறது. 90ம் கீழே, 30ம் கீழே. தாளும் மை, மையும் மை. மொத்தமும் ஒரே கறுப்புப் பட்டை. மென்பொருள் அதை ஏதோ ஒரு கோடு, அல்லது படம் என்று எடுத்துக்கொண்டு தள்ளிவிடும். "அல்லாத" அந்தப் பட்டைக்குள் இருந்தது.

ஓசிஆர் எதைப் பார்த்தது என்று நாமும் பார்க்கலாம். டெசராக்டில் இந்தக் கட்டளை அந்தக் கறுப்பு-வெள்ளைப் படத்தைச் சேமித்துக் கொடுக்கும்:

```
tesseract p42.png p42 -l tam --psm 6 -c tessedit_write_images=true
```

அந்தப் படத்தைத் திறந்ததும் விஷயம் வெட்டவெளிச்சம். வரியின் கடைசி ஒன்றரை சொல் கறுப்பில் முழுகிக் கிடக்கிறது. ஓசிஆர் சரியில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் இந்தப் படத்தை ஒரு தடவை பாருங்க.

வளைவு சொற்களை எப்படி ஒட்டுகிறது

இப்போ அடுத்த பக்கம், 43. இதில் சொல் எதுவும் விட்டுப்போகவில்லை. ஆனால் வரியின் முதல் இரண்டு மூன்று சொற்கள் ஒட்டிக்கொண்டு வருகின்றன. "தறி ஒன்றுக்கு" என்பது "தறிஒன்றுக்கு" என்று வருகிறது.

காரணம் சுலபம்தான். மடித்து வைத்த கட்டம் போட்ட புடவையை மேலிருந்து பாருங்க. மேல்பரப்பில் கட்டங்கள் சதுரமாகத் தெரியும். மடிப்பு உள்ளே இறங்கும் இடத்தில் அதே கட்டங்கள் குறுகலாகத் தெரியும். துணி சுருங்கவில்லை, சரிவாக நிற்பதை மேலிருந்து பார்க்கிறோம், அவ்வளவுதான். தாளும் அப்படித்தான். சரிவு 60 டிகிரி ஆகும்போது அகலம் சரியாகப் பாதியாகத் தெரியும். 75 டிகிரியில் கால்வாசிதான்.

நம்ம படத்தில் ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 12 புள்ளிகள். தட்டையான இடத்தில் இரண்டு சொல்லுக்கு நடுவே 21 புள்ளி இடைவெளி, ஒரே சொல்லின் இரண்டு எழுத்துக்கு நடுவே 6 புள்ளி. 60 டிகிரி சரிவில் சொல் இடைவெளி 10 ஆகிவிடும். வரியின் உயரம் மட்டும் அப்படியே இருக்கும். பழைய ஓசிஆர்கள் அந்த வரிக்கு ஒரு வரம்பு வைத்து, அதைவிடச் சிறிய இடைவெளியை எழுத்து இடைவெளி என்று எடுத்துக்கொள்ளும். புதியவை நரம்பு வலையமைப்பில் கற்றுக்கொண்டு இடைவெளியை ஒரு எழுத்து மாதிரியே அடையாளம் காண்கின்றன. அவற்றுக்கும், இந்த உயரத்துக்கு இவ்வளவு குறுகிய இடைவெளி என்றால் அது சொல் இடைவெளியாகப் படாது. இரண்டிலும் முடிவு ஒன்றுதான், சொற்கள் ஒட்டிக்கொள்கின்றன.

தமிழில் இது கூடுதல் தொல்லை. நம்ம மொழியில் சொற்கள் சேர்ந்து வருவது இயல்பு. "பங்குத் தொகை", "பங்குத்தொகை" இரண்டையும் எழுதுகிறோம். அதனால் ஒட்டிய சொல்லைப் பார்த்தால் பிழை மாதிரியே தெரியாது. எழுத்துப்பிழை திருத்தியும் பல நேரம் விட்டுவிடும். ஆனால் முழுச் சொல்லாகத் தேடும் தேடலில் அது சிக்காது.

இதைவிட மோசம், எண்கள். ஆண்டறிக்கைப் பகுதியில் ஒரு அட்டவணை. ஒரு பத்தியில் தறி எண்ணிக்கை 3, பக்கத்துப் பத்தியில் தொகை 250. இடையில் கோடு இல்லை, வெறும் இடைவெளிதான். மடிப்பு ஓரத்தில் அது சுருங்கி 3250 என்று ஒரே எண்ணாக வந்துவிட்டது. தமிழ்ச் சொல் ஒட்டினால் பிரித்துப் படித்துவிடலாம். 3250ஐ யார் சந்தேகப்படுவார்கள்?

ஒரு முன்னறிவிப்பு அடையாளம் சொல்றேன். அகலம் சுருங்கும்போது சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டும். மூணு சுழி "ண" எல்லாம் ரெண்டு சுழி "ன" ஆக மாறத் தொடங்கும். ஓசிஆர் உரையில் மடிப்புப் பக்கச் சொற்களில் மட்டும் "கனக்கு", "பனம்" என்று வந்தால், அங்கே அகலம் போதவில்லை என்று அர்த்தம். அந்த இடத்தில் இடைவெளிகளையும் நம்பாதீங்க.

வரி மாறிப்போகும் சொல்

வளைவு இன்னொரு வேலையும் செய்யும். இது கொஞ்சம் நுணுக்கம். கேமரா பக்கத்தின் நடுவுக்கு நேர் மேலே இருக்கிறது என்று வைங்க. மடிப்பில் தாள் கீழே இறங்குகிறது, அதாவது கேமராவிலிருந்து தள்ளிப் போகிறது. தள்ளிப் போகும் எதுவும் படத்தில் நடுவை நோக்கி நகரும். அதனால் பக்கத்தின் மேல்பாதி வரிகள் மடிப்பை நெருங்கும்போது கீழ்நோக்கி வளையும். கீழ்பாதி வரிகள் மேல்நோக்கி வளையும். நடு வரி மட்டும் நேராக இருக்கும்.

எவ்வளவு வளையும்? கேமரா 40 செ.மீ. உயரத்தில். மடிப்பில் தாள் 1.5 செ.மீ. இறங்குகிறது. முதல் வரி பக்க நடுவிலிருந்து 7.5 செ.மீ. மேலே. நகர்வு, 7.5ஐ 1.5ஆல் பெருக்கி 41.5ஆல் வகுத்தால், 0.27 செ.மீ. அதாவது 2.7 மில்லிமீட்டர். அந்தப் புத்தகத்தில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் தூரம் 5 மில்லிமீட்டர்தான். பாதி வரிக்கு மேல் நகர்ந்துவிட்டது! வரியைத் தேடும் மென்பொருளுக்கு, முதல் வரியின் கடைசிச் சொல் இரண்டாம் வரிக்குப் பக்கத்தில் இருப்பது போலத் தெரியும். அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

இப்போ கேமராவை 80 செ.மீ.க்கு உயர்த்தி, ஜூம் போட்டு எடுங்க. அதே கணக்கு, வகுப்பது மட்டும் 81.5. நகர்வு 1.4 மில்லிமீட்டர். பாதியாகிவிட்டது. செலவில்லாத வேலை. போனில் டிஜிட்டல் ஜூம் மட்டும் இருந்தால் தெளிவு குறையும், அதனால் தனி ஜூம் லென்ஸ் இருக்கும் போனாகப் பார்த்து எடுங்க. ஒன்று நினைவில் வைங்க, உயரம் கூட்டினால் வரி வளைவு குறையும், அகலச் சுருக்கம் குறையாது. சரிவு சரிவுதான், எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தாலும்.

எந்தக் காரணம் என்று கண்டுபிடிப்பது

இப்போ மூன்று நோய்களும் தெரியும். எந்தப் பக்கத்துக்கு எது என்று எப்படிச் சொல்வது? முதல் தடயம் பக்க எண். புத்தகத்தில் இரட்டைப்படை எண் இடது பக்கம், ஒற்றைப்படை எண் வலது பக்கம். அதனால் இரட்டைப்படைப் பக்கத்தில் மடிப்பு வரியின் முடிவில் இருக்கும், ஒற்றைப்படைப் பக்கத்தில் வரியின் தொடக்கத்தில் இருக்கும். பிழைகள் 42, 44, 46இல் வரி முடிவிலும், 43, 45, 47இல் வரித் தொடக்கத்திலும் குவிந்தால், அது மடிப்புப் பிரச்சினை. பக்கம் முழுக்கச் சிதறியிருந்தால் வேறு காரணம், மங்கிய அச்சோ, ஆடிப்போன படமோ.

இரண்டாவது, பிழையின் வகை. விட்டுப்போனால் நிழலைச் சந்தேகப்படுங்க. ஒட்டினால் சரிவை. சொல் இருக்கிறது ஆனால் வேறு வரியில் இருக்கிறது, அதுவும் மேல்பாதியில் கீழ் வரிக்கும் கீழ்பாதியில் மேல் வரிக்கும் போகிறது என்றால், கேமரா உயரத்தை.

சரி, நம்ம தொகுதியில் 42இல் விட்டுப்போவதும், 43இல் ஒட்டுவதும் ஏன்? வளைவு இரண்டு பக்கத்திலும் ஒன்றுதானே? வெளிச்சம்தான் வேறு. படம் எடுத்த மேசைக்கு இடது பக்கம் ஜன்னல். இடது பக்கத் தாள் மடிப்பை நோக்கி வலப்புறமாகச் சரிகிறது, அந்தச் சரிவு ஜன்னலுக்கு முதுகைக் காட்டுகிறது. அதனால் இருட்டு. வலது பக்கத் தாளின் சரிவு ஜன்னலைப் பார்த்து நிற்கிறது, அதில் வெளிச்சம் விழுகிறது. நிழல் இல்லாததால் 43இல் எல்லாச் சொல்லும் கிடைத்தது, சரிவு இருந்ததால் ஒட்டிக் கிடைத்தது.

மூன்றாவது தடயம் கணினியே எண்ணிச் சொல்லும். அச்சு நூல்களில் வரிகள் இரு ஓரமும் சமமாக முடியும்படி கோத்திருப்பார்கள். பத்தியின் கடைசி வரி தவிர மற்ற எல்லா வரியும் ஒரே இடத்தில் முடிய வேண்டும். அப்படி முடியாத வரி என்றால் அதில் சொல் விட்டுப்போயிருக்கிறது. டெசராக்ட் ஒவ்வொரு சொல்லின் இடத்தையும் டிஎஸ்வி கோப்பாகக் கொடுக்கும். முதலில்:

```
tesseract p42.png p42 -l tam --psm 6 tsv
```

பிறகு ஒவ்வொரு வரியும் எங்கே முடிகிறது என்று பார்க்க:

```python
import csv
ends = {}
f = open("p42.tsv", encoding="utf-8")
for r in csv.DictReader(f, delimiter="\t", quoting=csv.QUOTE_NONE):
    if r["level"] == "5":
        key = (r["block_num"], r["par_num"], r["line_num"])
        right = int(r["left"]) + int(r["width"])
        ends[key] = max(ends.get(key, 0), right)
edge = max(ends.values())
for key, right in ends.items():
    if edge - right > 100:
        print(key, edge - right)
```

100 புள்ளி என்றால் நம்ம படத்தில் சுமார் 8 மில்லிமீட்டர், ஒரு சிறு சொல்லின் அகலம். ஒற்றைப்படைப் பக்கத்துக்கு இதையே திருப்பி, முதல் சொல்லின் `left` மதிப்பைப் பாருங்க.

42ஆம் பக்கத்தில் 30 வரிகள். 11 வரிகள் குறைவாக முடிந்தன. அதில் 2 பத்தி முடிவு, இயல்பானது. மீதி 9 வரியிலும் கடைசிச் சொல் இல்லை. "அல்லாத" அந்த ஒன்பதில் ஒன்று. இதில் ஒரு எச்சரிக்கை. எல்லா வரியிலும் கடைசிச் சொல் போயிருந்தால், எல்லாம் ஒரே இடத்தில் குறைவாக முடிந்து, பட்டியல் காலியாக வரும். அதனால் வரியின் முழு அகலத்தை நன்றாக வந்த வேறொரு பக்கத்தோடு ஒப்பிட்டுவிடுங்க.

எப்படிச் சரிசெய்வது

கையில் இருக்கும் படத்தை வைத்துச் செய்யக்கூடியது முதலில். நிழலுக்கு, ஒரே எல்லைக்கோட்டுக்குப் பதிலாக, ஒவ்வொரு இடத்துக்கும் சுற்றுப்புறத்தைப் பார்த்துத் தனி எல்லைக்கோடு போடும் முறை இருக்கிறது. சவோலா முறை என்று பெயர், 2000இல் வந்தது. டெசராக்ட் 5இல் உள்ளேயே இருக்கிறது:

```
tesseract p42.png p42 -l tam --psm 6 -c thresholding_method=2 tsv
```

இதன் சூத்திரத்தில் அந்த இடத்தின் சராசரி வெளிச்சமும், மை-தாள் வேறுபாடும் சேரும். நம்ம மடிப்பில் சராசரி 80, வேறுபாட்டு அளவு 25 என்று போட்டால் எல்லைக்கோடு 58 வருகிறது. தாள் 90, மேலே. மை 30, கீழே. பிரிந்துவிட்டது! 42ஆம் பக்கத்தில் 9 வரிகளில் 6 வரிக்குக் கடைசிச் சொல் திரும்பி வந்தது, "அல்லாத" உட்பட. மீதி 3 வரியில் சொல் இருட்டின் அடியில் இருந்தது. அங்கே போன் கேமராவே தாளையும் மையையும் ஒரே கறுப்பாகப் பதிந்திருந்தது. பதியாததை எந்தச் சூத்திரமும் பிரிக்க முடியாது.

வளைவுக்கு, ஸ்கேன் டெய்லர் என்ற இலவச மென்பொருளில் வளைவு நிமிர்த்தும் வசதி இருக்கிறது. மேல் வரி, கீழ் வரி இரண்டின் மேலும் வளைகோட்டைப் பொருத்தினால், இடையில் உள்ளதை நிமிர்த்திக் கொடுக்கும். வரி மாறிப்போகும் பிரச்சினை இதில் அநேகமாகத் தீர்ந்துவிடும். சுருங்கிய அகலத்தையும் இழுத்து விரிக்கும், இடைவெளிகளும் விரியும். 60 டிகிரி வரை நல்ல பலன் கிடைத்தது. ஆனால் 75 டிகிரியில் 24 புள்ளி அகல எழுத்து 6 புள்ளியாகத்தான் பதிந்திருக்கும். அதை இழுத்தால் அகலமான மங்கல் கிடைக்கும், எழுத்து கிடைக்காது.

அதனால் உண்மையான தீர்வு மறுபடியும் எடுப்பதுதான். இங்கே தையலைப் பிரிக்காமல் செய்தது இது. புத்தகத்தை முழுசா விரிக்கவில்லை. சுமார் 100 டிகிரிக்கு மட்டும் திறந்து, அட்டைகளுக்குப் பின்னால் செங்கல் மாதிரி கனமான புத்தகங்களை முட்டுக் கொடுத்தோம். குறைவாகத் திறந்தால் தாள் வளைய வேண்டிய அவசியமே குறைகிறது, தையல் வரைக்கும் கிட்டத்தட்ட நேராக நிற்கும். கேமராவை இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக மேலே வைக்காமல், ஒரு பக்கத் தாளுக்கு நேர் எதிரே, அதற்கு இணையாக வைத்தோம். முதலில் இரட்டைப்படைப் பக்கங்கள் எல்லாம், பிறகு கேமராவை மாற்றி ஒற்றைப்படை எல்லாம். இன்டர்நெட் ஆர்கைவின் ஸ்கிரைப் கருவியும் இதே தத்துவம்தான். V வடிவத் தொட்டில், மேலே V வடிவக் கண்ணாடி, இரண்டு கேமரா.

வெளிச்சத்துக்கு ஒரே ஒரு மாற்றம். புத்தகத்தைத் திருப்பி, அதன் தலைப்பக்கம் ஜன்னலைப் பார்க்கும்படி வைத்தோம். இப்போ வெளிச்சம் மடிப்புக்குக் குறுக்கே வராமல் மடிப்பின் நீளத்தோடு ஓடுகிறது. வாய்க்காலில் தண்ணீர் ஓடுவது போலப் பள்ளம் முழுக்க நிறைந்துவிடும். இரண்டு சரிவுக்கும் ஒரே அளவு கிடைக்கும். 42ஆம் பக்கத்தை இப்படி எடுத்தபோது பத்தி முடிவு வரிகள் இரண்டைத் தவிரப் பட்டியலில் எதுவும் வரவில்லை. அட்டவணையில் 3 தனியாக, 250 தனியாக வந்தது.

எல்லாப் பக்கமும் இப்படி ஆகவில்லை என்பதையும் சொல்லணும். சில பக்கங்களில் பைண்டிங்காரர் குத்திய தையல் எழுத்தின் மேலேயே போயிருக்கிறது. அந்த எழுத்து வெளியே தெரியவே தெரியாது. அங்கே ஊகித்து நிரப்பாமல், "[தையலில் மறைந்தது]" என்று குறித்து வைத்தோம். விதி நூலில் ஊகம் கூடாது. "அல்லாத" ஒரு சொல் என்ன செய்யும் என்று பார்த்தோமே.

மெய்ப்பு பார்ப்பவர்களுக்கு

கடைசியாக, தமிழ் விக்கிமூலத்தில் மெய்ப்பு பார்க்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ் இணையக் கல்விக்கழகம் வழியாக வந்த நாட்டுடைமை நூல்கள் இரண்டாயிரத்துக்கும் மேல் அங்கே இருக்கின்றன. ஸ்கேன் பக்கம் ஒரு புறம், ஓசிஆர் உரை ஒரு புறம். நாம் பொதுவாக உரையைப் படித்து, சந்தேகம் வந்தால் படத்தைப் பார்ப்போம். மடிப்புப் பிழைக்கு அந்த வழி வேலை செய்யாது, ஏன்னா சந்தேகமே வராது. அதனால் உரையைப் படிப்பதற்கு முன், படத்தின் மடிப்பு ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு முறை இறங்குங்க. ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லும், ஒற்றைப்படைப் பக்கமானால் முதல் சொல்லும், உரையில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்க. 30 வரிக்கு ஒரு நிமிடம் ஆகும். படத்திலேயே சொல் தெரியவில்லை என்றால், அந்தப் பக்கத்தை மெய்ப்பு பார்த்ததாகக் குறிக்காமல் சிக்கலான பக்கம் என்று ஊதா நிறத்தில் விட்டுவிடுங்க. வேறு பிரதி வைத்திருப்பவர் யாராவது வந்து நிரப்புவார்.

உங்கள் வீட்டில் இருக்கும் தொகுதியிலும் இதைச் செய்து பாருங்க. 42, 43 மாதிரி எதிரெதிர்ப் பக்கம் இரண்டை எடுங்க, எந்தப் பக்கத்தில் விட்டுப்போகுது, எந்தப் பக்கத்தில் ஒட்டுது என்று எனக்கு எழுதுங்க. ஜன்னல் எந்தப் பக்கம் இருந்தது என்றும் சேர்த்து எழுதுங்க. அடுத்த எபிசோடில் மங்கிய அச்சைப் பற்றிப் பேசலாம், புள்ளி காணாமல் போன மெய்யெழுத்துகள்.